நார்ட்டன் சமானச் சுற்று: தெவனினின் அதே கோடு, மறுமுனையிலிருந்து

சிக்கலான ஒரு சுற்றை, அதன் இரு முனைகளிலிருந்து பார்க்கும்போது அதே போல நடந்துகொள்ளும் எளிய சுற்றாகச் சுருக்க இரண்டு வடிவங்கள் உண்டு: மின்னழுத்த மூலம் கொண்டது தெவனின், மின்னோட்ட மூலம் கொண்டது நார்ட்டன். மின்சுற்றுப் பாடத்தைப் படித்து முடித்த பலரிடம் இவற்றைப் பற்றி ஒரு கருத்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். "மின்கலம், ஜெனரேட்டர் போன்றவற்றுக்குத் தெவனின் வடிவம், சோலார் பேனல் போன்றவற்றுக்கு நார்ட்டன் வடிவம்" என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் முதல் பாதி தேவையற்ற கட்டுப்பாடு, இரண்டாம் பாதி நேரடியாகவே தவறு. இன்னும் சிலர் நார்ட்டன் சுற்றில் வரும் மின்னோட்ட மூலத்தைக் கண்டதும், உண்மையான பெட்டிக்குள்ளும் அவ்வளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதாக நம்பிவிடுகிறார்கள். அதுவும் தவறு. இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: சமானம் என்ற சொல் எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதை யாரும் நின்று சொல்லித் தருவதில்லை.

## அடுத்த அறையிலிருந்து வரும் குழாய்

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் உங்கள் அறைக்கு இறங்கி வருகிறது. முனையில் ஒரு திருகு. திருகை மூடி வைத்தால் ஓட்டம் இல்லை, தொட்டியின் உயரத்துக்கு உரிய முழு அழுத்தமும் திருகின்மேல் நிற்கிறது. கொஞ்சம் திறந்தால் தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. அழுத்தத்தில் ஒரு பங்கு மெல்லிய குழாயின் உராய்விலேயே கரைகிறது. திருகையே கழற்றி எறிந்துவிட்டால் வாயில் அழுத்தம் எதுவும் மிஞ்சாது. எவ்வளவு ஓட்டம் வரும் என்பதைக் குழாயின் குறுகல் மட்டுமே முடிவுசெய்யும்.

இப்போது தொட்டியை மறந்துவிட்டு வேறொரு ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். சுவருக்கு அப்பால் ஒரு மோட்டார் இருக்கிறது. எது எப்படிப் போனாலும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தள்ளிக்கொண்டே இருக்கும் பிடிவாதக்கார மோட்டார். அதன் வாய்க்கு அருகில் ஒரு சிறிய கசிவு ஓட்டை. உங்கள் திருகை மூடினால் எல்லாத் தண்ணீரும் அந்த ஓட்டை வழியே வெளியேற வேண்டும். அப்படித் தள்ளுவதற்குத் தேவையான அழுத்தம் உங்கள் திருகின்மேலும் ஏறி நிற்கும். திருகைக் கழற்றிவிட்டால் எல்லாத் தண்ணீரும் உங்கள் பக்கமே வந்துவிடும். ஓட்டையில் கசிவு நின்றுவிடும்.

ஓட்டையின் அளவையும் மோட்டாரின் வேகத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், உங்கள் அறையில் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு அந்தப் பக்கம் இருப்பது தொட்டியா மோட்டாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. எந்த அளவுக்குத் திறந்தாலும் அதே அழுத்தம், அதே ஓட்டம். (உண்மையான குழாயில் உராய்வு ஓட்டத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்று ஒரு பொறியாளர் என் காதைத் திருகலாம். ஒப்புமை இந்த வாசல் வரைக்கும்தான்.)

தொட்டியும் குழாயும் தெவனின் வடிவம். மோட்டாரும் கசிவும் நார்ட்டன் வடிவம். அழுத்தத்தின் இடத்தில் மின்னழுத்தத்தையும், ஓட்டத்தின் இடத்தில் மின்னோட்டத்தையும், குறுகலின் இடத்தில் மின்தடையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

## சொற்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம்

மின்னழுத்த மூலம் என்பது எவ்வளவு மின்னோட்டத்தை இழுத்தாலும் தன் வோல்ட்டை மாற்றாத கருவி. மின்னோட்ட மூலம் என்பது எவ்வளவு மின்னழுத்தம் எதிர்த்து நின்றாலும் தன் ஆம்பியரை மாற்றாத கருவி. இரண்டுமே தாளில் வரைவதற்கான இலட்சிய உருவங்கள். கடையில் கிடைப்பவை இவற்றுக்கு ஓரளவு நெருங்கி வரும்.

தெவனின் வடிவத்தில் ஒரு மின்னழுத்த மூலமும் ஒரு மின்தடையும் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இருக்கும். நார்ட்டன் வடிவத்தில் ஒரு மின்னோட்ட மூலமும் ஒரு மின்தடையும் பக்க இணைப்பில், அதாவது அருகருகே இரு முனைகளையும் பகிர்ந்துகொண்டு, இருக்கும். முனைகளில் நாம் மாட்டும் பொருளைப் பளு என்போம்.

நேரியல் சுற்று என்றால் மின்னோட்டமும் மின்னழுத்தமும் நேர்கோட்டு உறவில் இருக்கும் சுற்று. மின்தடைகளும் இலட்சிய மூலங்களும் மட்டும் கொண்ட சுற்று அப்படிப்பட்டது. அதற்குள் எத்தனை மின்தடைகள், எத்தனை மூலங்கள் பின்னிக் கிடந்தாலும், இரண்டு முனைகளிலிருந்து பார்க்கும்போது அது மேலே சொன்ன இரண்டு எளிய வடிவங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இந்தச் சுருக்கத்துக்கு வரலாறு நியாயமாகப் பெயர் வைக்கவில்லை. பிரான்சின் தந்திப் பொறியாளர் லியோன் சார்ல் தெவனின் 1883ல் மின்னழுத்த வடிவத்தை வெளியிட்டார். ஆனால் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே அதைச் சொல்லியிருந்தார். மின்னோட்ட வடிவத்தை 1926ல் இரண்டு பேர் தனித்தனியே கண்டார்கள்: பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் நார்ட்டன் அதை நிறுவனத்தின் உள் அறிக்கை ஒன்றில் எழுதினார், சீமென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர் அதை ஆய்விதழில் வெளியிட்டார். உலகம் பெரும்பாலும் நார்ட்டன் பெயரையே பிடித்துக்கொண்டது.

## ஒரு சுற்றைப் பிரித்துப் பார்ப்போம்

24 வோல்ட் மூலம் ஒன்று, மூன்று மின்தடைகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் A, B என்ற இரு முனைகள்.

```
24 V (+) ---[6 Ω]---X---[2 Ω]--- A
                    |
                  [3 Ω]
                    |
24 V (-) -----------+----------- B
```

நார்ட்டன் வடிவத்துக்கு இரண்டே எண்கள் தேவை: மூலத்தின் மின்னோட்டம், பக்கத்தில் நிற்கும் மின்தடை.

மின்னோட்டத்தைக் காண, A-யையும் B-யையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். தண்ணீர்க் கதையில் திருகைக் கழற்றி எறிந்ததும் இதுவும் ஒன்றே. அந்தக் கம்பியில் ஓடுவது குறுக்குச்சுற்று மின்னோட்டம். நார்ட்டன் மூலத்தின் மதிப்பு அதுதான். ஏன் என்றால், முனைகளுக்கிடையே மின்னழுத்தம் சுழியாகிவிட்டால் பக்கத்து மின்தடையைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. மூலத்தின் முழு மின்னோட்டமும் கம்பிக்கே வந்து சேரும்.

இங்கே கம்பியைப் போட்டதும் 2 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் வந்துவிடுகின்றன. அவற்றின் தொகுபயன் மின்தடை 1.2 ஓம். அதோடு 6 ஓம் தொடரில் சேர மொத்தம் 7.2 ஓம். மூலத்திலிருந்து கிளம்பும் மின்னோட்டம் 24-ஐ 7.2-ஆல் வகுத்தால் 3.33 ஆம்பியர். X-இல் அது பிரிகிறது. 2 ஓம் கிளைக்கு ஐந்தில் மூன்று பங்கு போகிறது. ஆகவே கம்பியில் ஓடுவது 2 ஆம்பியர்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். முனைகளைக் கம்பியால் இணைத்தோமே, 3 ஓமும் அதில் அடிபட்டுப் போய்விடாதா என்று நினைத்து, 24-ஐ 8-ஆல் வகுத்து 3 ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். 3 ஓமின் இரு முனைகளுக்கு நடுவே கம்பி நேராக விழவில்லை; இடையில் 2 ஓம் காவல் நிற்கிறது. அந்த 2 ஓம் இல்லாமல் X-உம் A-யும் ஒரே புள்ளியாக இருந்திருந்தால், 3 ஓம் உண்மையிலேயே செயலிழந்து, மின்னோட்டம் 24-ஐ 6-ஆல் வகுத்த 4 ஆம்பியராக இருந்திருக்கும். கம்பி எந்தெந்தப் புள்ளிகளை ஒன்றாக்குகிறது என்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது மின்தடை. கம்பியை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் மூலங்களை அணைத்துவிட்டு, A, B வழியாக உள்ளே பார்க்க வேண்டும். அணைப்பது என்றால் மதிப்பைச் சுழியாக்குவது. சுழி வோல்ட் கொண்ட மின்னழுத்த மூலம் ஒரு வெறும் கம்பி; சுழி ஆம்பியர் கொண்ட மின்னோட்ட மூலம் ஓர் அறுந்த கம்பி. மனப்பாடம் செய்தால் இவை இடம் மாறிவிடும். சுழி என்ற சொல்லிலிருந்து ஒவ்வொரு முறையும் யோசித்தால் மாறாது.

நம் சுற்றில் 24 வோல்ட் மூலம் கம்பியாகிறது. 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பாகி 2 ஓம் தருகின்றன. A-யை ஒட்டிய 2 ஓம் அதோடு தொடரில் சேர்கிறது. மொத்தம் 4 ஓம்.

இதுவரை: நம் பெட்டியின் நார்ட்டன் வடிவம் 2 ஆம்பியர் மூலமும் அதன் பக்கத்தில் 4 ஓமும். மின்னோட்டம் குறுக்குச்சுற்றிலிருந்து வந்தது, மின்தடை மூலத்தை அணைத்ததிலிருந்து வந்தது.

## ஒரே சமன்பாடு, இரண்டு எழுத்துமுறை

அதே பெட்டியின் முனைகளில் எதையும் மாட்டாமல் விட்டால் 2 ஓமில் மின்னோட்டமே இல்லை. X-இன் மின்னழுத்தம் அப்படியே A-க்கு வந்துவிடும். 24 வோல்ட்டில் ஒன்பதில் மூன்று பங்கு, அதாவது 8 வோல்ட். இது திறந்த சுற்று மின்னழுத்தம். தெவனின் மூலத்தின் மதிப்பு. தெவனின் மின்தடையும் அதே 4 ஓம்தான், ஏனென்றால் அதைக் காணும் வழியில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது பளு ஒன்று I ஆம்பியரை இழுக்கும்போது முனையில் V வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். தெவனின் படத்தைப் பார்த்து எழுதினால், 8 வோல்ட்டில் 4 ஓமில் இழந்தது போக மீதி:

```
V = 8 - 4·I
```

நார்ட்டன் படத்தைப் பார்த்து எழுதினால், 2 ஆம்பியரில் பக்கத்து 4 ஓமில் கசிந்தது போக மீதி:

```
I = 2 - V/4
```

இரண்டாவதை 4-ஆல் பெருக்கி இடம் மாற்றிப் பாருங்கள், முதலாவது கிடைத்துவிடும். நார்ட்டன் தேற்றம் தனியான ஒரு தேற்றம் என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வரைபடத் தாளில் இது ஒரே நேர்கோடு. மின்னழுத்த அச்சை 8-இல் தொடுகிறது, மின்னோட்ட அச்சை 2-இல் தொடுகிறது. முதல் முனையைப் பெயராக வைத்துக்கொண்டால் தெவனின். இரண்டாம் முனையை வைத்துக்கொண்டால் நார்ட்டன். கோட்டின் சரிவுதான் இரண்டுக்கும் பொதுவான மின்தடை. எனவே தெவனின் மின்னழுத்தம் Vth, நார்ட்டன் மின்னோட்டம் In, மின்தடை R என்ற மூன்று எண்களில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது தானே வரும்:

```
Vth = In × R        8 = 2 × 4
```

முழுச் சுற்றையும் வைத்துச் சரிபார்ப்போம். A, B-யில் 12 ஓம் பளுவை மாட்டுகிறோம். தெவனின்படி 8-ஐ 16-ஆல் வகுத்தால் 0.5 ஆம்பியர். நார்ட்டன்படி 2 ஆம்பியர் 4 ஓமுக்கும் 12 ஓமுக்கும் இடையே பிரிகிறது. குறைந்த தடைக்கு அதிகம் போக, பளுவுக்கு நான்கில் ஒரு பங்கு, 0.5 ஆம்பியர். மூலச் சுற்றிலேயே நேராகக் கணக்கிட்டாலும், பளுவும் 2 ஓமும் சேர்ந்த 14 ஓம் 3 ஓமுடன் பக்க இணைப்பாகி, 24 வோல்ட்டிலிருந்து 2.83 ஆம்பியர் கிளம்பி, அதில் 17-இல் 3 பங்கு பளுவுக்கு வந்து, அதே 0.5 ஆம்பியர்.

வடிவம் மாற்றும்போது அம்புக்குறியின் திசையையும் கவனிக்க வேண்டும். தெவனின் மூலத்தின் நேர்முனை எந்த வெளிமுனையை நோக்கி இருக்கிறதோ, நார்ட்டன் மூலத்தின் அம்பும் அதே முனையை நோக்கித் தள்ள வேண்டும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் விடையில் குறி மட்டும் தலைகீழாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த அம்பைத்தான்.

## பிறகு எதற்கு இரண்டு வடிவங்கள்?

கை வேலையை எளிதாக்கத்தான். 2 ஓம் அக மின்தடை கொண்ட 12 வோல்ட் மூலம் ஒன்றும், 3 ஓம் அக மின்தடை கொண்ட 9 வோல்ட் மூலம் ஒன்றும் பக்க இணைப்பில் இருக்கின்றன. முனையில் எத்தனை வோல்ட்? 12-ஐயும் 9-ஐயும் கூட்டவும் முடியாது, வெறுமனே சராசரி எடுக்கவும் முடியாது.

இரண்டையும் நார்ட்டனாக மாற்றுங்கள். முதலாவது 6 ஆம்பியரும் 2 ஓமும். இரண்டாவது 3 ஆம்பியரும் 3 ஓமும். எல்லாமே இப்போது பக்க இணைப்பில் இருப்பதால் மின்னோட்டங்கள் நேராகக் கூடுகின்றன: 9 ஆம்பியர். மின்தடைகள் இணைந்து 1.2 ஓம். பெருக்கினால் 10.8 வோல்ட். வேலை முடிந்தது. மூலங்கள் தொடரில் வந்தால் தெவனின், பக்கத்தில் வந்தால் நார்ட்டன் என்று மாற்றி மாற்றிப் போனால் பெரிய சுற்றும் படிப்படியாகச் சுருங்கும். எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பது பெட்டிக்குள் என்ன கருவி இருக்கிறது என்பதல்ல, வெளியே அதை எதனுடன் சேர்க்கப்போகிறோம் என்பது.

ஒரே விதிவிலக்கு உண்டு. மின்தடை சுழியாக இருக்கும் இலட்சிய மின்னழுத்த மூலத்துக்கு நார்ட்டன் வடிவம் இல்லை. அதன் குறுக்குச்சுற்று மின்னோட்டம் முடிவிலிக்குப் போய்விடும். அதே போல இலட்சிய மின்னோட்ட மூலத்துக்குத் தெவனின் வடிவம் இல்லை. ஓர் அச்சைத் தொடவே தொடாத கோட்டுக்கு அந்த முனையின் பெயரை எப்படி வைப்பது?

## சுவருக்கு அப்பால் சமானம் இல்லை

இனி, தொடக்கத்தில் சொன்ன தவறுக்கு வருவோம். திருகை மூடிய நிலையில் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டை வழியே கசிந்துகொண்டே இருக்கும். உங்கள் அறையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் மின்கட்டணம் செலுத்துபவருக்கு நன்றாகவே தெரியும்.

நம் பெட்டியில் முனைகளைத் திறந்தே வைத்தால், தெவனின் படத்தில் மின்னோட்டம் இல்லை, எனவே வெப்பமும் இல்லை: சுழி வாட். நார்ட்டன் படத்தில் 2 ஆம்பியரும் 4 ஓமில் ஓடி 16 வாட் வெப்பமாகிறது. உண்மையான சுற்றிலோ 24 வோல்ட் 6, 3 ஓம்கள் வழியே ஓடிக்கொண்டிருப்பதால் 64 வாட். முனைகளைக் குறுக்குச்சுற்றாக்கினால் தெவனின் படத்தில் 16 வாட், நார்ட்டன் படத்தில் சுழி, உண்மையில் 80 வாட். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. பொருந்த வேண்டும் என்று தேற்றம் சொல்லவும் இல்லை. முனைகளுக்கு வெளியே உள்ள V, I, பளுவில் செலவாகும் திறன் ஆகியவற்றுக்கு மட்டுமே அது உத்தரவாதம் தருகிறது. பெட்டி எவ்வளவு சூடாகும், மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைச் சமானச் சுற்றிலிருந்து கணக்கிட்டால் அந்த விடையை நம்ப முடியாது.

## உண்மையான பெட்டியில் அளப்பது எப்படி

தாளில் குறுக்குச்சுற்று போடுவது எளிது. கார் மின்கலத்தின் முனைகளில் அதைச் செய்யாதீர்கள். 12.6 வோல்ட்டும் 0.01 ஓமும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 1260 ஆம்பியர் என்கிறது. ஸ்பானர் முனைகளோடு பற்றவைத்துக்கொள்ளும். வீட்டு மின்வழங்கலில் செய்யக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோடு என்று தெரிந்துவிட்டால் அதன் இரு புள்ளிகள் போதும். அவை அச்சின்மேல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெட்டிக்குத் தாங்கக்கூடிய இரண்டு பளுக்களை மாற்றி மாற்றி மாட்டி மல்டிமீட்டரில் படியுங்கள். நம் பெட்டியில் 12 ஓமை மாட்டினால் 6 வோல்ட், 0.5 ஆம்பியர். 4 ஓமை மாட்டினால் 4 வோல்ட், 1 ஆம்பியர். மின்னோட்டம் 0.5 கூடியபோது மின்னழுத்தம் 2 குறைந்திருக்கிறது. ஆக மின்தடை 4 ஓம். மீதமுள்ள 4 வோல்ட்டும் இறங்க இன்னும் 1 ஆம்பியர் வேண்டும். எனவே கோடு மின்னோட்ட அச்சை 2 ஆம்பியரில் தொடும். யாரும் எதையும் குறுக்குச்சுற்றாக்காமல் நார்ட்டன் மின்னோட்டம் கையில் வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு பளுவையும் மாட்டிப் பாருங்கள். 28 ஓமுக்கு 7 வோல்ட், 0.25 ஆம்பியர் வர வேண்டும். அந்தப் புள்ளி கோட்டில் விழுந்தால் நீங்கள் அளந்த எல்லைக்குள் பெட்டி நேரியல்தான். விழாவிட்டால் அந்தப் பெட்டிக்கு ஒற்றை நார்ட்டன் வடிவம் இல்லை.

சோலார் பேனல் இந்த மூன்றாம் சோதனையில்தான் தோற்கிறது. அதன் பின்புறச் சீட்டில் திறந்த சுற்று மின்னழுத்தமும் குறுக்குச்சுற்று மின்னோட்டமும் அச்சிட்டிருப்பார்கள். அவை 40 வோல்ட், 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மற்றதால் வகுத்து 4 ஓம் என்று எழுத ஆசை வரும். நேரியல் பெட்டியாக இருந்தால் அதிகபட்சத் திறன் கோட்டின் நடுவில், 20 வோல்ட்டும் 5 ஆம்பியரும் சந்திக்கும் இடத்தில், 100 வாட்டாக இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்கள் கொண்ட சிலிக்கான் பேனல் நல்ல வெயிலில் ஏறக்குறைய 300 வாட் தரும். காரணம், மின்னழுத்தம் ஏறும்போது அதன் மின்னோட்டம் சீராக இறங்குவதில்லை. நெடுந்தூரம் ஏறக்குறையச் சமமாகவே போய், ஓர் இடத்தில் முழங்கால் மடங்குவது போல மடங்கி, செங்குத்தாக விழுகிறது. அந்த வளைவில் இரண்டு முனைகளும் உண்மைதான். அவற்றை இணைக்கும் நேர்கோடு மட்டும் அங்கே இல்லை.